வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போக முடியாது

செவ்வாய் மாலை ஆடிட்டர் கூப்பிட்டார். பேலன்ஸ் ஷீட் வெள்ளிக்குள் முடியாதாம். வெள்ளி 11 மணிக்குத்தான் சி.சி. லிமிட்டைப் புதுப்பிப்பது பற்றி வங்கி மேடத்தோடு பேச்சு. 10 லட்சம் லிமிட், கெடு இந்த மாதம் 31.

தாமதத்துக்குக் காரணம் நான்தான். மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் 6,80,000 என்று எழுதியிருக்கிறேன். அதில் 1,70,000 ரூபாய்க்கான காஸ்டிங் நம்முடையது இல்லை. கடைந்து தரச் சொல்லி பார்ட்டி அனுப்பிய சரக்கு. பட்டறைக்குள் கிடப்பதெல்லாம் நம் ஸ்டாக் என்று பையன் எண்ணி எழுதினான், நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். ஜாப் ஒர்க்குக்கு வந்த சரக்கின் மேல் நாம் கடன் வாங்க முடியாது. டெலிவரி சலானைப் புரட்டியபோது ஆடிட்டர் கண்ணில் பட்டிருக்கிறது.

*

மேடத்துக்கு முதலில் எழுதிய மெசேஜ்: "சொந்த வேலை காரணமாக வெள்ளிக்கிழமை வர இயலவில்லை. வேறு தேதி தெரிவிக்கவும்." அனுப்பவில்லை. லிமிட் கெடு நெருங்கும் நேரத்தில், மெஷின் லோன் தவணைத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால், காரணம் சொல்லாமல் தள்ளிப்போட்டால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஒன்றைத்தான் நினைப்பார்: பணம் இல்லை. "வேறு தேதி சொல்லுங்கள்" என்பதும் சரியில்லை. தள்ளிப்போடுகிறவன்தான் தேதி சொல்ல வேண்டும்.

*

தவணை ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்று புதிதாகக் கடன் வாங்கியவர்கள் கேட்பார்கள். கெடு நாளன்று வங்கி அன்றைய கணக்கை முடிக்கும் வரை பணம் வரவில்லையென்றால், அன்றிரவே கணக்கு எஸ்.எம்.ஏ. 0 ஆகிவிடும். 30 நாள் தாண்டினால் 1, 60 தாண்டினால் 2, 90 தாண்டினால் வாராக்கடன். ஏதோ ஒரு ஆபீசர் நம்மேல் கோபப்பட்டு எழுதுவதில்லை, சிஸ்டமே எழுதுகிறது. லிமிட்டைப் புதுப்பிக்கச் சொல்லி மேலே ஃபைல் அனுப்பப் போகிற ஆபீசருக்கு அந்த ஒரு வரியே பெரிய தலைவலி. பேச்சு பத்து நாள் தள்ளிப்போவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியும். அந்த வரியை விளக்கி எழுதுவதுதான் கஷ்டம்.

*

இந்த மாதம் 5ஆம் தேதி ஞாயிறு. மெஷின் லோன் தவணை 38,400, இன்னொரு வங்கியில் உள்ள நடப்புக் கணக்கிலிருந்து நாச் மூலம் போகிறது. ஞாயிறுதானே, திங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்பு இருந்தோம். 2021 ஆகஸ்ட் முதல் நாச் எல்லா நாளும் ஓடுகிறது. ஆகவே சனிக்கிழமை மாலையே பணம் கணக்கில் நிற்க வேண்டும். "பார்ட்டி செக் போட்டிருக்கிறார்" என்பது பணம் ஆகாது. வரவு விழுந்த பிறகுதான் அது பணம்.

*

தவணை சரியாகப் போகும் என்று எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த வாக்கு பாதி என்று உறைத்தது. ஸ்டாக்கைத் திருத்தினால் டிராயிங் பவர் குறையும். எங்கள் வங்கி ஸ்டாக்கில் 25 சதவீதம் மார்ஜின் கழிக்கிறது. 1,70,000 போனால் எடுக்கக்கூடிய தொகையில் 1,27,500 போகிறது. பில் பாக்கிக்கு அனுமதித்ததையும் சேர்த்தால், 9,42,000 ஆக இருந்தது 8,14,500 ஆகிறது. சி.சி.யில் இப்போது எடுத்து நிற்பதோ 8,60,000. அதாவது 45,500 கூடுதலாக எடுத்திருக்கிறேன். இது தெரிந்த பிறகு, சி.சி.யிலிருந்தே 38,400 எடுத்து நடப்புக் கணக்கில் போட்டுத் தவணை கட்டினால், ஒரு கடனைக் கட்ட இன்னொன்றைக் கூட்டுவதாகத்தான் ஆகும். ஸ்டேட்மென்ட் பார்க்கிற யாருக்கும் அது ஒரு நிமிஷத்தில் தெரியும்.

புதன் காலை, அவிநாசி ரோடு பார்ட்டியிடமிருந்து வர வேண்டிய 92,000 பில்லுக்காக நேரில் போய் உட்கார்ந்தேன். பத்தரை மணிக்கு நெஃப்ட் போட்டார்கள். 38,400ஐ நடப்புக் கணக்கில் விட்டுவிட்டு 50,000ஐ சி.சி.க்கு அனுப்பினேன். முந்தின நாள் சி.சி.யில் பற்று விழுந்த வட்டிக்குத் தனியாக வேறு வரவு கட்டினேன்.

*

அதற்குப் பிறகுதான் மேடத்துக்குப் போன். கவுண்டர் கூட்டம் கொஞ்சம் அடங்கும் நேரம், பன்னிரண்டு மணி. முதலில் போன், பிறகு மெசேஜ், அதையே ஈமெயிலிலும். போனில் பேசியது ஃபைலில் ஏறாது. மேடம் மாற்றலாகிப் போனால் அடுத்து வருகிறவருக்கு ஈமெயில்தான் சாட்சி.

அனுப்பியது இது:

"வணக்கம் மேடம். வெள்ளி 11 மணிக்கு வைத்த லிமிட் புதுப்பிப்புப் பேச்சை 13ஆம் தேதி திங்கள் 11 மணிக்கு மாற்றித் தரக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் பார்ட்டி சரக்கு ரூ.1,70,000 தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. திருத்திய கணக்கையும் பேலன்ஸ் ஷீட்டையும் ஆடிட்டர் 10ஆம் தேதி தருகிறார். குறையும் டிராயிங் பவருக்காக இன்று ரூ.50,000 சி.சி.யில் கட்டிவிட்டேன். நேற்றைய வட்டியும் கட்டியாயிற்று. மெஷின் லோன் தவணை 5ஆம் தேதி வழக்கம்போல் போகும். பணம் கணக்கில் இருக்கிறது."

மன்னிப்பு வார்த்தைகளை நிறைய எழுதி, பிறகு எடுத்துவிட்டேன். அவருக்கு வேண்டியது தேதியும் தொகையும்தான்.

*

மேடம் திட்டவில்லை. "நீங்களே சொன்னீங்களே, அது போதுங்க. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்து நான் பார்த்திருந்தா வேற மாதிரி எழுத வேண்டியிருக்கும்" என்றார். திருத்திய ஸ்டேட்மென்ட்டோடு ஒரு லெட்டர் கேட்டார். பிறகு ஒன்று சொன்னார்: "13ஐத் தாண்டாதீங்க. ரினியூவல் நின்னா தவணை ஒழுங்கா கட்டினாலும் பிரயோஜனம் இல்லீங்க."

உண்மைதான். லிமிட் புதுப்பிக்காமல் கெடுவிலிருந்து 180 நாள் போனால், வரவு செலவு ஒழுங்காக இருந்தாலும் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். புது மெஷினுக்கு இன்னொரு லோன் கேட்கும் பேச்சாக இருந்தால் மூன்று மாதம் தள்ளினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இது அப்படி இல்லை. ஆடிட்டர் மறுபடியும் இழுத்தால், 31க்கு முன்பே குறுகிய கால நீட்டிப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். காலண்டரில் 24ஐ வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

*

சனி மாலை ஐந்து மணிக்கு நடப்புக் கணக்கைப் பார்த்தேன்: 41,260. ஞாயிறு காலை 38,400 பற்று வைத்ததாக எஸ்.எம்.எஸ். வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேடத்துக்கு அனுப்பலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, அவருக்கே திங்கள் சிஸ்டத்தில் தெரியும்.

பையனும் நானும் பட்டறைக்குப் போய்ப் பார்ட்டி காஸ்டிங்கையெல்லாம் வடக்குச் சுவர் ஓரமாக மாற்றினோம். தரையில் மஞ்சள் பெயின்ட்டில் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதை எண்ண வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.