நடு அடுக்கில் பிறக்கும் கோளாறு

3x3 கியூபைச் சேர்க்கப் பழகிய கை 4x4-இல் தடுமாறும் இடம் கடைசி அடுக்கு. நடுத்துண்டுகளை நிறம்வாரியாகச் சேர்த்து, விளிம்புத் துண்டுகளை ஜோடி ஜோடியாக்கி, பிறகு பழகிய முறையிலேயே முடித்துக்கொண்டு வருவார்கள். ஆனால் சில தடவை மேல்பக்க மஞ்சள் விளிம்புகளில் ஒன்றோ மூன்றோ மட்டும் மேல்நோக்கி நிற்கும். 3x3-இல் அந்த எண்ணிக்கை பூஜ்யம், இரண்டு, நான்கு என்றுதான் வரும். ஒற்றைப்படையாக வரவே வராது. இதைத்தான் பேரிட்டி என்கிறார்கள். கண்ணில் படுவது கடைசியில் என்பதால் பிறந்ததும் அங்கேதான் என்று நினைத்து, அங்கே போட்ட திருப்புகளைச் சந்தேகிக்கிறார்கள். அது பிறந்த இடத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனால், கடைசி அடுக்குக்கு இதில் பங்கே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

தேடல் கியூபுக்கும் முன்னால் போகிறது. பதினைந்து கட்டைகளை நகர்த்தும் புதிரில் 14, 15 ஆகிய இரண்டை மட்டும் இடம் மாற்றி வைத்தால் சரிசெய்யவே முடியாது என்று ஜான்சனும் ஸ்டோரியும் 1879-இல் அமெரிக்கக் கணித இதழில் நிறுவினார்கள். இடமாற்றங்கள் இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்பதை எந்த நகர்த்தலும் ஏமாற்ற முடியாது என்பதே அவர்களின் வாதம். காலையில் விழுப்புரத்தில் கிளம்பி, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்குமாகவே ஓடிய பஸ் இரவு திண்டிவனத்தில் நின்றால், அன்று அடித்த நடை ஒற்றைப்படை. கண்டக்டரின் சீட்டைப் பார்க்க வேண்டியதில்லை.

ரூபிக் 1974-இல் செய்த 3x3-இல் ஒரு பக்கத்தைக் கால் சுற்று திருப்பினால் நான்கு மூலைகளும் நான்கு விளிம்புகளும் சேர்ந்தே நகரும். நான்கு துண்டுகளைச் சுழற்றுவது மூன்று இடமாற்றத்துக்குச் சமம், அதாவது ஒற்றைப்படை. இரண்டும் ஒன்றாக மாறுவதால் ஒன்றையொன்று காவல் காக்கின்றன. பீட்டர் செபெஸ்டெனி வடிவமைத்த 4x4-இல் அந்தக் காவல் இல்லை. வெளிப்பக்கத்தைத் திருப்பினால் எட்டு விளிம்புத் துண்டுகள் நகரும்; நான்கு நான்காக இரண்டு சுழற்சி, மொத்தம் இரட்டைப்படை. நடு அடுக்கைக் கால் சுற்று திருப்பும்போதுதான் நான்கே நான்கு விளிம்புத் துண்டுகள் நகர்ந்து கணக்கு மாறும். ஒரு ஜோடி புரண்டு நிற்பது என்பது அதன் இரண்டு துண்டுகள் தமக்குள் இடம் மாறி நிற்பதுதான், அதாவது ஒற்றைப்படை. கலைத்ததிலும் சேர்த்ததிலுமாக நடு அடுக்குக் கால் திருப்புகள் ஒற்றைப்படையாக இருந்தால், ஜோடி சேர்த்து முடித்த நிமிஷமே விதி எழுதியாகிவிட்டது. ஏறக்குறைய இரண்டில் ஒரு தடவை இப்படி ஆகும்.

இதற்குச் சாட்சி சரிசெய்யும் வழியிலேயே இருக்கிறது. புரண்ட ஜோடியை மேல்பக்கத்தில் தன்னை நோக்கி வைத்துக்கொண்டு போடுவது இது:

```
2R2 B2 U2 2L U2 2R' U2 2R U2 F2 2R F2 2L' B2 2R2
```

`2R`, `2L` என்பவை உள்ளடுக்குகள் மட்டும். அவற்றின் கால் திருப்புகளை எண்ணிப் பாருங்கள்: ஐந்து. வெளிப்பக்கங்கள் எல்லாம் அரைச் சுற்றுகள். நீளமாக இருப்பதற்குக் காரணம் மற்ற எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுவருவதுதான். நோய்க்கு மருந்து அந்த ஒற்றைப்படை மட்டும்.

கியூபை யாரோ பிரித்துத் தப்பாக மாட்டியிருக்கலாமே என்பார்கள். 4x4-இன் தனி விளிம்புத் துண்டை அதன் இடத்திலேயே புரட்டி மாட்ட இயலாது; இரண்டை இடம் மாற்றி மாட்டினாலும் அது திருப்பியே அடையக்கூடிய நிலைதான். மூலை ஒன்று மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றால்தான் மாட்டியவரைச் சந்தேகிக்க வேண்டும். பிறந்த இடம் முன்னால் என்றால் முன்னாலேயே தடுத்துவிடலாமே என்பது இதைவிடக் கெட்டியான கேள்வி. தடுக்கலாம்தான். ஆனால் இருபத்துநான்கு விளிம்புத் துண்டுகளின் சுழற்சியையும் தடம் பிடித்து எண்ண வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு சேர்ப்பவர்கள் எப்படியும் அதைச் செய்கிறார்கள். மற்றவர்களுக்குப் பதினைந்து திருப்புகளே லாபம்.

எல்லாம் முடிந்தபின் எதிரெதிர் ஜோடிகள் இரண்டு இடம் மாறி நிற்கும் கோளாறு வேறு ரகம். நான்கு துண்டுகள், இரண்டு இடமாற்றம். விளிம்புக் கணக்கு இரட்டைப்படைதான். அதனால் `2R2 U2 2R2 Uw2 2R2 2U2` என்று அரைச் சுற்றுகளாலேயே அது தீர்ந்துவிடுகிறது. 3x3-இல் வராத நிலை இங்கே வரக் காரணம், ஒரு ஜோடி இரண்டு துண்டுகளாக இருப்பதால், ஜோடிகள் இடம் மாறுவது எப்போதும் இரட்டைப்படையாகவே கணக்காகி, மூலைகளின் கணக்குக்குக் கட்டுப்படாமல் போவது. 5x5-இல் இது வருவதே இல்லை. அங்கே ஒவ்வொரு விளிம்பின் நடுவிலும் உள்ள துண்டு மூலைகளோடு சேர்ந்து பழைய 3x3 சட்டத்துக்குக் கட்டுப்படுகிறது. புரண்டு நிற்கும் கோளாறு மட்டும் அங்கேயும் உண்டு. ஆனால் நடுத்துண்டோடு நிறம் ஒத்துப்போகாததால், கடைசி விளிம்பைச் சேர்க்கும்போதே அது அகப்பட்டுவிடும்.