நீர்க்கட்டி எந்த நிமிடத்தில் வருகிறார்?

எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு கூட்டம் நடத்துகிறது. அதைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவார்கள். ஏற்றுவதற்கு முன்னால் தலைப்பு, விவரக்குறிப்பு, நேரக்குறிகள் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. பகலில் கணினி வேலை, ராத்திரியில் இது.

இந்த முறை வந்தவர் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர். ஏரிகளைப் பற்றி இரண்டு மணி பதினோரு நிமிடம் பேசினார். கையில் குறிப்பு எதுவும் இல்லை. கதை சொல்வார், நடுவில் கணக்குப் போடுவார், சட்டென்று வேறு ஊருக்குப் போய்விடுவார். நேரில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அது விருந்து. அதையே ஃபோனில் பார்ப்பவருக்கு உள்ளே நுழைய ஒரு கதவாவது வேண்டும். நேரக்குறிதான் அந்தக் கதவு.

வீடியோவை முழுக்கத் திரும்பப் பார்த்துக் குறிப்பெடுக்க ஒரு ராத்திரி போதாது. அதனால் தானாக உருவாகும் எழுத்துப்படியை இறக்கிக்கொள்வேன். ஒவ்வொரு துண்டு பேச்சுக்கும் நேரம் போட்ட ஒரு கோப்பு அது. பார்க்க இப்படி இருக்கும்:

```
00:47:52,300 --> 00:47:56,100
சரி அது இருக்கட்டும் எங்க ஊர்ல ஒருத்தர் இருந்தாரு
```

முதலில் யாருக்கும் தோன்றும் வழி, முக்கியமான சொல்லைத் தேடி அது வரும் இடத்தில் குறி வைப்பது. இந்தப் பேச்சில் பலருக்கும் பிடித்தது நீர்க்கட்டியைப் பற்றிய பகுதி. ஏரித் தண்ணீரை வயல்களுக்கு முறைவைத்துத் திறந்துவிடும் ஊர்ப் பணியாள் அவர். எழுத்துப்படியில் 'நீர்க்கட்டி' என்று தேடினால் 51:10 கிடைக்கிறது. அங்கே குறி வைத்தால் அதைத் தொட்டு வருபவர் கேட்கும் முதல் வாக்கியம், "அவருதான் நீர்க்கட்டி." எவருதான்? அவர் பாதி ராத்திரி லாந்தரோடு கரையில் நடந்தது, தன் சொந்தத் தம்பியின் வயலுக்கு முறை வரவில்லை என்று மடையை அடைத்தது எல்லாம் அதற்கு முந்தைய மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது.

நல்ல பேச்சாளர்கள் விஷயத்தின் பெயரைக் கடைசியில்தான் சொல்வார்கள். முதலில் ஆளைக் காட்டுவார்கள், பிறகு பேர். அதனால் தேட வேண்டியது விஷயத்தின் பெயரை அல்ல, பேச்சு திரும்பும் இடத்தை. தமிழில் அதற்கென்றே சில சொற்கள் இருக்கின்றன. "சரி", "அது இருக்கட்டும்", "இப்ப என்னன்னா", "இன்னொண்ணு சொல்றேன்". மேடையில் இவை மூச்சு வாங்கிக்கொள்ளும் இடங்கள். இந்தச் சொல்லுக்கு முன்னால் இரண்டு மூன்று விநாடி நேர இடைவெளியும் இருந்தால் அநேகமாக அதுதான் எல்லை. நீர்க்கட்டியின் கதவு 47:52-ல் இருக்கிறது, 51:10-ல் இல்லை. முதல் சொல் வெட்டுப்படாமல் இருக்க ஒரு விநாடி முன்னால், 47:51-ல் வைப்பேன். அங்கிருந்து தொடங்கினால் முதல் வாக்கியம் தனியாகப் புரிகிறதா என்று கேட்டுப் பார்ப்பேன். "அதனாலதான்" என்று தொடங்கினால் இன்னும் பின்னால் போக வேண்டும்.

எழுத்துப்படியை அப்படியே நம்பவும் முடியாது. பொதுவான சொற்களை ஓரளவு சரியாகப் பிடிக்கும், தொழிற்சொல் வந்தால் தடுமாறும். இந்தக் கோப்பில் பல இடங்களில் 'மடை' 'மழை' ஆகியிருந்தது. "மழைய அடச்சிட்டாரு" என்று ஒரு வரி. படித்தால் நமக்குச் சிரிப்பு வரும், தேடல்பெட்டிக்கு வராது. ஏரி நிரம்பியதும் மிகைநீர் வெளியேறும் 'கலிங்கு' ஒரே ஓர் இடத்தில் சரியாக இருந்தது, மற்ற இடங்களில் 'கலங்கு', 'களங்கு'. சரியான சொல்லைத் தேடி ஒரு முறைதான் வருகிறது என்று முடிவுகட்டினால் கிட்டத்தட்டப் பதினாறு நிமிடப் பகுதி ஒன்று பட்டியலிலேயே இருக்காது. எனவே தலைப்பிலோ விவரத்திலோ போகப்போகும் ஒவ்வொரு சொல்லையும் அந்த இடத்தில் காதால் கேட்டுச் சரிபார்ப்பேன். முழு வீடியோவையும் கேட்க வேண்டாம், இருபது இடங்கள் போதும்.

அடுத்த சிக்கல் கத்தரி. நான் எழுத்துப்படி எடுத்தது மூலப்பதிவில் இருந்து. நாற்காலி இழுப்பது, "மைக் கேக்குதா?" எல்லாம் சேர்ந்த முதல் 4 நிமிடம் 20 விநாடியைத் தொகுத்தவர் வெட்டிவிட்டார். ஆகவே எல்லாக் குறிகளில் இருந்தும் 4:20 கழிய வேண்டும். 47:51 என்பது 43:31 ஆகிறது. தொடக்கத்தில் மட்டும் வெட்டியிருந்தால் இது வெறும் கழித்தல். நடுவில் ஓர் இருமலையும் வெட்டியிருந்தால் அதற்குப் பிந்தைய குறிகள் மட்டும் நகரும். கண்டுபிடிக்க எளிய வழி, கடைசிக் குறியை முதலில் தொட்டுப் பார்ப்பது. அது சரியாக விழுந்தால் இடையில் இருப்பவையும் பெரும்பாலும் சரி.

பட்டியல் இப்படித் தொடங்கியது:

```
0:00 அறிமுகம்
3:10 ஏரிக்கரை ஏன் வளைந்திருக்கிறது?
14:25 தூம்பு எப்படித் திறக்கும்?
27:40 கலிங்கு: மிச்சத் தண்ணீர் எங்கே போகும்?
43:31 நீர்க்கட்டியின் ஒரு ராத்திரி
1:02:40 முறைவைத்த ஊர், முறை குலைந்த ஊர்
```

முதல் குறி 0:00 ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று குறிகள், நேரம் ஏறுவரிசையில், ஒவ்வொரு பகுதியும் பத்து விநாடிக்குக் குறையாமல். இவற்றில் ஒன்று தவறினாலும் வீடியோ பகுதிகளாகப் பிரியாது. ஒரு மணி நேரம் தாண்டியதும் 1:02:40-க்குப் பதில் 02:40 என்று போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். வரிசை அங்கேயே உடையும். ஆனால் விவரத்தில் எண்கள் நீல நிறத்தில், தொட்டால் போகும்படிதான் தெரியும். நீலத்தைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. வீடியோவின் கீழே ஓடும் கோடு துண்டு துண்டாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விவரக்குறிப்பில் முதல் இரண்டு வரிதான் திறக்காமலே கண்ணில் படும். அங்கே "சிறப்பான உரை" என்று எழுதினால் இடம் வீண். யார், எதைப் பற்றி, எந்த அனுபவத்தில் இருந்து பேசுகிறார் என்று எழுதுவேன். கீழே நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பர் என்று வட்டாரப் பெயர்களையும் ஒரே வாக்கியத்தில் சேர்ப்பேன். தன் ஊர்ச் சொல்லைத் தட்டித் தேடுபவரும் வந்து சேரட்டும்.

தலைப்பில்தான் சண்டை. ஒருங்கிணைக்கும் அண்ணன் அனுப்பியது: 'ஏரிகளைக் கொன்றது யார்?' "தம்பி, இது போட்டாதான் ஆள் வருவாங்க." வருவார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஒரு தலைப்பை ஏற்பதற்கு முன் நான் செய்வது ஒன்றுதான்: அந்தக் கேள்விக்குப் பேச்சாளர் எந்த நிமிடத்தில் பதில் சொல்கிறார் என்று எழுத்துப்படியில் தேடுவேன். 1:34:20-ல் கேட்கிறவர் ஒருவர் கிட்டத்தட்ட அதையே கேட்கிறார். ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார். பிறகு, "ஒருத்தரக் கை காட்டிற முடியாதுங்க. நாங்களும் இருந்தோம்ல" என்கிறார்.

அந்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு நாற்பது வருட உத்தியோகம் தேவைப்பட்டிருக்கிறது. அதன் தலைக்கு மேல் ஒரு குற்றப்பத்திரிகையைத் தொங்கவிட எனக்கு மனசு வரவில்லை. அண்ணனிடம் அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் ஓடவிட்டுக் காட்டினேன். "சரி, நீயே போடு" என்றார்.

நூறு எழுத்துக்குள் முடிக்க வேண்டும். நமக்கு மூன்றெழுத்தான 'தூம்பு', குறிகளைத் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு ஆறு. ஆகவே தமிழ்த் தலைப்புக்கு இடம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. நீளமானால் ஃபோனில் வால் அறுபடும், முக்கியச் சொல் முன்னால் வர வேண்டும். கடைசியில் போட்டது: 'ஏரித் தண்ணீரைப் பங்கிட்டவர்கள்: நீர்க்கட்டி, தூம்பு, கலிங்கு'. அந்தப் பதிலுக்குத் தனியாக ஒரு குறியும் வைத்தேன், 4:20 கழித்து 1:30:00-ல். அதற்கு அவர் சொல்லையே எடுத்துக்கொண்டேன்: 'நாங்களும் இருந்தோம்'.