எட்டு நாள் குழந்தைக்கு 14-வது வார ஊசி

ஆகஸ்ட் 13 காலையில் ஒரு அம்மா கைக்குழந்தையோட வந்து போனை நீட்டினாங்க. "டாக்டரம்மா, நாளைக்கு பதினாலாவது வார தடுப்பூசின்னு உங்க க்ளினிக்லேர்ந்து மெசேஜ் வந்திருக்கு. இவன் பொறந்து எட்டு நாள்தான ஆகுது?"

சிரிச்சுட்டு "ஏதோ தப்பா வந்திருக்கும்மா" என்று அனுப்பிவிட்டேன். மதியம் சாப்பிடும்போதுதான் உறைத்தது. இவனுக்குத் தப்பா வந்திருக்குன்னா, வரவேண்டிய யாருக்கு வராம போச்சு?

கொஞ்சம் பின்கதை. எங்க ஊர்ல ஒரு தம்பி சின்னக் கடைகளுக்கு ஆட்டோமேஷன் செட்டப் பண்ணித் தருவார். கோடிங் கிடையாது. கூகுள் சீட்டில் குழந்தையின் பிறந்த தேதியை அடிச்சா 6, 10, 14 வாரத் தடுப்பூசித் தேதிகளை அதுவே கணக்குப் போடும். தினமும் காலை எட்டு மணிக்கு மேக் என்ற கருவி அந்த சீட்டைப் படிச்சு, நாளைக்கு ஊசி இருக்கிறவங்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பும். அமைக்க 6,000 ரூபாய், அப்புறம் மாசம் 1,500.

ஏழு மாசம் கொடுத்தேன். அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்தது. அதுபாட்டுக்கு ஓடுறதுக்கு எதுக்கு மாசாமாசம் பணம்னு நிறுத்திட்டேன். தம்பி கோபப்படவில்லை. "சரி மேடம், எல்லாம் உங்க அக்கவுண்ட்லதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரலில் புது வருஷக் கணக்குக்குப் புது சீட் ஒன்று நானே திறந்தேன். பழைய வரிகளையும் ஃபார்முலாக்களையும் அதில் ஒட்டி, மேக்கில் பழைய பைலுக்குப் பதிலா புதுசைத் தேர்ந்தெடுத்தேன். மறுநாள் மெசேஜ் சரியாகப் போனது. பெருமையாகக்கூட இருந்தது.

அன்று மதியம் தம்பியைக் கூப்பிட்டேன். சீட்டைப் பார்த்த ஒரு நிமிஷத்தில், "மேடம், தேதி சிலது இடது பக்கம் ஒட்டியிருக்கு, சிலது வலது பக்கம். கவனிச்சீங்களா?" என்றார்.

விஷயம் இதுதான். நான் திறந்த புது சீட் அமெரிக்க முறையில் இருந்தது. அதில் மாதம் முதலில், நாள் பிறகு. ரிசப்ஷன் பொண்ணு 05/08 என்று அடிச்சா நமக்கு ஆகஸ்ட் 5, அதுக்கு மே 8. மே 8-லிருந்து பதினாலு வாரம் எண்ணினா ஆகஸ்ட் 14. அந்த அம்மாவுக்கு வந்த மெசேஜ் அதுதான். அவன் ஆறாவது வார ஊசி உண்மையில் செப்டம்பர் 16. சீட்டின் கணக்கில் அது ஜூன் 19, அவன் பிறக்கும் முன்பே முடிந்துபோனது. அந்த மெசேஜ் வந்தே இருக்காது.

12-ம் தேதிக்கு மேல் பிறந்தவங்க கதை வேற. பதின்மூன்றாவது மாதம் கிடையாதே. அதனால் அதைத் தேதியாகவே எடுத்துக்காம வெறும் எழுத்தா வச்சிருக்கு. அதான் இடது பக்கம் ஒட்டியிருந்தது. ஊசித் தேதி வரவேண்டிய இடத்தில் `#VALUE!` என்று இருந்திருக்கு. அந்தக் காலம்களைக் குழப்பமா இருக்குன்னு மறைச்சு வச்சதும் நான்தான்.

நாலு மாசம் எப்படித் தெரியாம போச்சு? ஒட்டிய பழைய வரிகளில் தேதி சரியாகவே இருந்தது. அந்தக் குழந்தைகளுக்கு மெசேஜ் ஒழுங்காப் போய்க்கிட்டே இருந்தது. மேக்கும் எந்தப் பிழையும் காட்டவில்லை. அனுப்ப யாருமே இல்லைன்னாலும் அதன் கணக்கில் வேலை நல்லபடியா முடிஞ்சதுதான்.

`File > Settings > Locale` போய் இந்தியா என்று மாற்றினா சரியாகிடும்னு நினைச்சேன். இனி அடிக்கிறதுக்குத்தான் சரியாகும். ஏற்கெனவே மே 8 என்று பதிந்தது மே 8-ஆகவே இருக்கும். கையால் எழுதும் பழைய நோட்டை எடுத்து வச்சு, 38 குழந்தைகளின் தேதியையும் திரும்ப அடிச்சோம். இப்போ நாள், மாதம், வருடம் மூணும் தனித்தனிக் கட்டம். அவற்றைச் சேர்ப்பது தம்பி போட்ட ஃபார்முலா:

```
=DATE(D2,C2,B2)+42
```

எந்த நாட்டு முறையாக இருந்தாலும் இது மாறாது.

இன்னொன்றும் வச்சார். தினமும் எட்டே கால் மணிக்கு அவருக்கும் எனக்கும் ஒரு மெசேஜ்: இன்று எத்தனை பேருக்குப் போச்சு, எத்தனை வரிகளில் தேதி சரியில்லை. மூணு நாள் தொடர்ந்து பூஜ்யம் வந்தா அவரே சீட்டைத் திறந்து பார்க்கிறார். 1,500 ரூபாய் இதுக்குத்தான் என்று எனக்கு அப்போதான் புரிந்தது. செட்டப்புக்கான காசை முதல் நாளே வாங்கிட்டாரே. (இதைத் தொழிலா செய்ய நினைக்கிற தம்பி தங்கைகளே, "மெயின்டனன்ஸ்" என்று பில்லில் ஒரு வார்த்தை எழுதினா என்னை மாதிரி ஆட்கள் வெட்டிடுவோம். தினமும் எதைப் பார்க்கிறீங்கன்னு எழுதுங்க.)

38 பேரில் 11 பேருக்கு ஊசி நாலு வாரத்துக்கு மேல் தள்ளிப்போயிருந்தது. தள்ளிப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடலாம். ஆனா அதுவரைக்கும் குழந்தைக்குக் கக்குவான் இருமலிலிருந்து முழுப் பாதுகாப்பு இல்லை. நானே ஒவ்வொருத்தரையா கூப்பிட்டேன். பத்து பேர் வந்துட்டாங்க. ஒரு நம்பர் மட்டும் இன்னும் ஸ்விட்ச் ஆஃப். அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம் என்கிறார் சிஸ்டர். நாளைக்கு நோட்டில் உள்ள முகவரிக்கு ஆள் அனுப்புகிறேன்.