கேட்டது வேலை, வந்தது கோப்பை

டாரோ கார்ட் எடுத்துப் பார்க்கிற எல்லாருக்கும் எப்போதாவது ஒருநாள் இது நடக்கும். மனதில் ஒன்றை நினைத்துக் கலைத்து, மூன்று கார்டை எடுத்துப் பிரட்டினால், கேட்டதுக்கும் வந்ததுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. அந்த நேரத்தில் கை தானாகவே கட்டுக்குப் போகும், இன்னும் ரெண்டு எடுத்துப் பாப்பம் எண்டு. இல்லையென்றால் பக்கத்தில் இருக்கிற ஒராள் வந்த கார்டை எப்படியோ வளைத்து நெளித்துக் கேள்விக்குள் திணித்துவிடுவார். எங்கள் ஆக்களுக்குள் இந்தக் கார்டுகளை நம்புகிறவர்களும் இருக்கினம், துளியும் நம்பாமல் படம் பார்க்க மட்டும் வாறவர்களும் இருக்கினம். ஆனால் இரண்டு பகுதியும் ஒத்துக்கொள்கிற ஒரு பழக்கம் உண்டு. கார்ட் பொருந்தவில்லை என்றால் கார்டைத் தொடுவதில்லை. கேள்வியைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறது.

ஏன் என்று சொல்ல, கட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டாரோ தொடங்கினது 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில், வெறும் விளையாட்டாக. எங்கட 304இல் துரும்பு இருக்கிற மாதிரி, அதில் தனித் துரும்புக் கார்டுகள் இருந்தன. குறி பார்க்க அதைப் பரவலாகப் பாவிக்கத் தொடங்கினது 18ஆம் நூற்றாண்டில், பிரான்சில்தான். இன்றைக்குக் கூடுதலானவர்கள் வைத்திருப்பது 1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர் வெயிட் கட்டு, அல்லது அதைப் பார்த்து வரைந்த ஒன்று. மொத்தம் 78 கார்ட். பமெலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் எல்லாவற்றுக்கும் படம் வரைந்தார். அதுக்கு முன்னம் வந்த பெரும்பாலான கட்டுகளில் ஆறாம் கோப்பை என்றால் ஆறு கோப்பை மட்டும்தான் இருக்கும். இவர் அதுக்குள் மனிதரை வைத்தார். ஒருவர் குடுக்கிறார், ஒருவர் சுமக்கிறார், ஒருவர் விட்டுட்டுப் போகிறார்.

ஆகவே இந்தக் கட்டு ஓம், இல்லை சொல்லச் செய்யப்பட்டதல்ல. அதுக்கு எங்கட ஊரில் நல்ல வழி வேறு இருக்கிறது. கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் மடித்துப் போட்டுப் பூக்கட்டிப் பார்க்கிறது அதுக்குத்தான். ஒன்றை எடுத்தால் முடிஞ்சுது. டாரோவிடம் போய் “கிடைக்குமா, கிடைக்காதா” என்று கேட்டால், அது ஒரு ஆளைக் காட்டி, இந்த ஆள் என்ன செய்யிறார் பார் என்கிறது. பொருந்தாத கார்ட் என்று நாங்கள் சொல்கிறதில் பாதி, இந்த இடத்தில் வருகிற சிக்கல்தான்.

ஒரு உதாரணத்தை முழுதாகவே சொல்கிறோம். சம்பந்தப்பட்டவள் எழுதச் சொல்லி அனுமதி தந்தவள். அடையாளம் தெரியாமல் இருக்கச் சிலதை விட்டிருக்கிறோம்.

அவள் கேட்டது, “கொழும்பில அந்த வேலை எனக்குக் கிடைக்குமா?” நேர்முகத்தேர்வு முடிந்து ஒரு கிழமை. வந்த கார்டுகள்: சிக்ஸ் ஒஃப் கப்ஸ், டென் ஒஃப் வோண்ட்ஸ், டூ ஒஃப் ஸ்வோர்ட்ஸ். காசுக்கும் தொழிலுக்கும் உரியது என்று சொல்லப்படுகிற பென்டகிள்ஸ் ஒன்றுகூட இல்லை. முதலாவதில் ஒரு பழைய வீட்டு முற்றத்தில் பெரிய பிள்ளை ஒன்று, பூ வைத்த கோப்பையைச் சின்னப் பிள்ளைக்கு நீட்டுகிறது. இரண்டாவதில் ஒருவன் பத்துத் தடியை அணைத்துக்கொண்டு குனிந்து நடக்கிறான். மூன்றாவதில் கண் கட்டின ஒருத்தி, இரண்டு வாளை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்தபடி கடற்கரையில் இருக்கிறாள்.

“வேலைக்கும் இதுக்கும் என்ன?” என்றாள்.

எங்களில் ஒராள் உடனே தொடங்கிவிட்டார். வேலை கிடைக்கும், ஆனால் பாரமான வேலை, அதுதான் பத்துத் தடி என்று. கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் இப்படித் திணிக்கிறதைக் கண்டுபிடிக்க ஒரு லேசான வழி இருக்கிறது. அந்த விளக்கம் எத்தனை கார்டைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். தடிக்காரன் வந்துவிட்டான், சரி. முற்றத்துப் பிள்ளைகள் எங்கே? கண் கட்டினவள் எங்கே? ஒரு கார்டை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டால், கார்டை வாசிக்கவில்லை, முதலே நினைத்து வைத்ததைச் சொல்கிறோம் என்றுதான் அர்த்தம்.

இன்னொராள், பென்டகிள்ஸ் வராததே பதில், வேலை இல்லை என்றார். இதுக்கும் கணக்குப் பார்த்தோம். 78 கார்டில் பென்டகிள்ஸ் 14. மூன்று கார்ட் எடுக்கிறபோது அதில் ஒன்றுகூட வராமல் போகிறது நூறு தடவையில் கிட்டத்தட்ட 55 தடவை நடக்கும். அரைவாசிக்கு மேல் நடக்கிற ஒரு விஷயத்தை அறிகுறி என்று சொல்லேலாது. கட்டு விஷயத்தில் இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. “ஏன் இது வரேல்ல” என்று பயந்துபோகிறவர்கள் நிறையப் பேர்.

பிறகு கட்டைச் சீலையில் சுற்றி வைத்துவிட்டு, அவளின் கேள்வியை அவள் சொன்ன மாதிரியே ஒரு கடதாசியில் எழுதினோம். “எனக்குக் கிடைக்குமா.” இந்த வசனத்தில் அவள் ஒன்றும் செய்யவில்லை. வேலை வருகிறது, அல்லது வராமல் விடுகிறது, அதைத் தீர்மானிக்கிறது வேற ஆக்கள். அவள் வாங்குகிற பக்கத்தில் சும்மா நிற்கிறாள். ஆனால் படங்களில் இருக்கிற பெரிய ஆக்கள் மூன்று பேரும் ஏதோ செய்துகொண்டிருக்கினம். ஒன்று குடுக்குது, ஒன்று சுமக்குது, ஒன்று பிடிச்சுக்கொண்டிருக்குது. வாங்குகிறது என்று பார்த்தால் அந்தச் சின்னப் பிள்ளை மட்டும்தான். கேள்வியின் வினைச்சொல்லும் படங்களின் வினைச்சொல்லும் இப்படி எதிரெதிராக இருந்தால், நாங்கள் படத்தில் இருக்கிற வினைச்சொல்லை எடுத்துக் கேட்பவரிடமே கேள்வியாகத் திருப்பிக் கேட்கிறது. பதிலை நாங்கள் சொல்கிறதில்லை.

“நீ ஆருக்கு என்ன குடுத்துக்கொண்டிருக்கிறாய்?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தம்பியைப் பற்றிச் சொன்னாள். வாற வருஷம் ஏ.எல். கணிதப் பிரிவு. ரியூசனுக்குப் போறவன்தான், ஆனாலும் இரவு அவள் பக்கத்தில் இருந்தால்தான் கணக்குச் செய்வான். அம்மா கடையொன்றில் நிற்கிறா, வர எட்டு மணியாகும். அப்பா அவர்களோடு இல்லை. இதைச் சொல்லிக்கொண்டே அவள் சிக்ஸ் ஒஃப் கப்ஸைக் கையில் எடுத்தாள். அந்தப் படத்தின் இடது பக்கத்தில், பின்னால், ஒரு பெரிய ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறார். கனபேர் அவரைக் காண்கிறதேயில்லை. “இந்தாள் ஆர்?” என்று அவள்தான் எங்களைக் கேட்டாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது தடிகள். “பத்தையும் எண்ணிச் சொல்லு பாப்பம், ஒவ்வொண்டும் என்ன?” என்றோம். இரவுப் படிப்பு, சமையல், அம்மம்மாவைக் கிளினிக் கூட்டிக்கொண்டு போறது, கரண்ட் பில், தம்பியின் ரியூசன் காசு, மாமாவோடு போனில் கதைக்கிறது. ஆறோடு நின்றுவிட்டது. அந்த ஆறிலும் ஒன்று உண்மையில் அம்மா செய்கிற வேலை, இவள் அதைப் பற்றி யோசித்துக்கொண்டு மட்டும் இருக்கிறாள். டென் ஒஃப் வோண்ட்ஸைக் கவனித்துப் பார்த்தால் தெரியும், தடிகள் அவனின் முகத்தை மறைக்கின்றன. போய்ச்சேர வேண்டிய வீடுகள் முன்னாலே இருந்தும் அவனுக்கு அவை தெரியாது.

டூ ஒஃப் ஸ்வோர்ட்ஸில் நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. “அவளின்ட கை கட்டியிருக்கோ?” இல்லை. கண்தான் கட்டியிருக்கிறது. வாளைக் கீழே வைத்தால் துணியைத் தானே அவிழ்க்கலாம். அப்போதுதான் அவள் சொன்னாள்.

“உண்மையச் சொன்னா, கிடைக்காட்டி நல்லம் எண்டுதான் நினைச்சனான். கிடைக்காட்டி நான் ஒண்டும் முடிவெடுக்கத் தேவையில்லைத்தானே.”

கேட்ட கேள்விக்கு அடியில் கிடந்தது இதுதான். அதை அவளையே எழுதச் சொன்னோம். முதலில் “நான் போகலாமா” என்று எழுதி வெட்டினாள். அது திரும்பவும் பூக்கட்டிப் பார்க்கிற கேள்வி. இரண்டாவதாக எழுதினது: “நான் போனா தம்பியின்ட இரவுப் படிப்புக்கு என்ன வழி, அதை வீட்டில ஆரோட முதல் கதைக்கிறது?” இதைத் திரும்ப மூன்று கார்டோடும் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் மிஞ்சவில்லை. கேள்வியும் சின்னதாகிவிட்டது. கொழும்பிலிருந்து வரப்போகிற கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல், அன்றைக்கு இரவே அவள் செய்யக்கூடிய ஒன்றாக இருந்தது. அதோடு, இதைப் பற்றி அவள் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் வெளியில் வந்தது. பிறகு கேட்டாளாம். அவன் தன்ட சிநேகிதன் வீட்டில் இரண்டு பேராக இருந்து படிக்க முதலே விருப்பமாம், அக்கா கவலைப்படுவா என்று சொல்லவில்லையாம்.

இதைக் கார்ட் கண்டுபிடித்தது என்று சொல்ல எங்களில் அரைவாசிப் பேர் தயாரில்லை. மூன்று கார்டை வரிசையாக எடுக்க 456,456 விதம் இருக்கிறது. வேறு மூன்று வந்திருந்தால் வேறு வழியால் போயிருப்போம், ஒருவேளை எங்கேயும் போய்ச் சேராமலும் இருந்திருப்போம். பொருந்தாத படம் ஒன்று செய்கிறது இவ்வளவுதான்: ஆயத்தமாக வைத்திருக்கிற பதிலை அங்கே பாவிக்க முடியாமல் பண்ணுகிறது. பொருந்தின கார்ட் வந்திருந்தால், உதாரணத்துக்கு ஏஸ் ஒஃப் பென்டகிள்ஸ் வந்திருந்தால், “ஆ, கிடைக்கும்” என்று சிரித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு எழும்பியிருப்போம். எங்களுக்கென்றால் அதைவிட இது திறம்.

ஆனால் இதில் பயப்பட வேண்டிய ஒன்றும் இருக்கிறது. அடியில் வேற கேள்வி இருக்கிறது என்று சொல்லுகிற ஆளுக்கு மற்றவர் மேல் பெரிய பிடி கிடைத்துவிடும். “நீ கேக்கிறது இது இல்லை, உண்மையில உனக்கு அப்பா மேல கோபம்” என்று யாராவது கார்டைக் காட்டிச் சொன்னால், எழும்பிப் போகலாம். உண்மைக் கேள்வி கேட்பவரின் வாயிலிருந்து, அவரின் சொல்லில் வரவேண்டும். நாங்கள் சொல்லிக் குடுத்து அவர் தலையாட்டினால் அது எங்கட கதை. வருத்தம், வழக்கு, இன்னொருவரின் மனதில் என்ன இருக்கிறது போன்ற கேள்விகளுக்கு நாங்கள் கட்டை எடுப்பதேயில்லை.

சில நேரம் அடியில் ஒன்றும் இல்லாமலும் இருக்கும். போன மாதம் ஒரு பொடியன் வந்து ஏ.எல். பெறுபேறு எப்படி வரும் என்று கேட்டான். வந்தது த டவர், த ஸ்டார், நைன் ஒஃப் கப்ஸ். படத்தைக் காட்டி, என்ன விழுகுது, ஆர் திருப்தியா இருக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். எல்லாத்துக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில், “அண்ணை, எனக்கு உண்மையாவே றிசல்ட் மட்டும்தான் தெரிய வேணும்” என்றான். அப்ப றிசல்ட் வரட்டும் என்று சொல்லிக் கட்டைச் சுற்றி வைத்தோம். பிறகு வேறு கட்டை எடுத்து அவனோடு 304 விளையாடினோம்.