சம்பளச் சீட்டில் இரவின் விலை

அரசு அலுவலகத்தில் நான் அதிக காலம் இருந்தது சம்பளப் பட்டியல் பிரிவில்தான். ஓய்வு பெற்ற பிறகும் யாராவது சம்பளச் சீட்டை நீட்டினால் கண்ணாடியைத் தேடும் வழக்கம் போகவில்லை. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால், பிரான்சில் இருக்கும் நம் சொந்தக்காரப் பிள்ளைகளும் அவ்வப்போது சீட்டைப் படமெடுத்து அனுப்புவார்கள். இன்று எழுதப்போவது அப்படி வந்த ஒரு சீட்டைப் பற்றி.

அனுப்பியவள் என் அண்ணனின் பேத்தி. பிரான்சில் பாரிசுக்குத் தள்ளி ஓர் ஊரில், அரசு மருத்துவமனையில் நர்ஸ். சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. முழுக்க இரவுப் பணி, இரவு 9 மணிக்குப் போனால் காலை 7 மணிக்குத்தான் வெளியே வருவாள். 2024-இல் லீவு போட்டுப் புதுச்சேரி வந்து போனாள். திரும்பிப் போய் இரண்டு மாதம் கழித்து வந்த சம்பளத்தில் 144 யூரோ குறைந்திருந்தது. "சின்னத் தாத்தா, அந்த மாசம் நான் ஒரு நாள்கூட லீவு எடுக்கலியே, எதுக்குப் பிடிச்சாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. வீட்டுக் கடன் வாங்க நினைக்கிறாள். கையில் வருவதை முழுச் சம்பளமாக வைத்துத் தவணை கணக்கிடலாமா?

இரண்டுக்கும் விடை அந்தச் சீட்டிலேயே இருந்தது. அவளுக்கு நான் சொன்ன வரிசையிலேயே உங்களுக்கும் சொல்கிறேன். எல்லாத் தொகையும் பிடித்தங்களுக்கு முந்தியவை.

முதல் வரி அடிப்படைச் சம்பளம். அங்கே அதைத் 'திரெத்மான்' என்பார்கள். நம்மூரில் லெவல், செல் என்று இருப்பதைப் போல அங்கே ஒவ்வொரு படிக்கும் இத்தனை புள்ளி என்று உண்டு. புள்ளியின் விலை நாடு முழுக்க ஒன்று. 2023 ஜூலையிலிருந்து 4.92278 யூரோ. 2024 தொடக்கத்தில் புது நர்சுக்கு 395 புள்ளி. பெருக்கினால் 1,944.50 யூரோ. இதற்கு அடுத்த வரியில் 49 புள்ளி தனியாக இருக்கும். கொரோனா ஆண்டான 2020-இல் செய்துகொண்ட 'செகூர்' ஒப்பந்தத்தில் கிடைத்தது அது. அதன் மதிப்பு 241.22 யூரோ. மூன்றாவது வரி, மருத்துவமனை வேலையின் சிரமத்துக்கென்று மாதாமாதம் தரும் படி. ஆண்டு அடிப்படைச் சம்பளத்தை 1,900-ஆல் வகுத்து 13-ஆல் பெருக்குவார்கள். அதனால் அங்குள்ளவர்கள் அதைப் 'பதின்மூன்று மணி நேரப் படி' என்றே சொல்கிறார்கள். அது 159.65 யூரோ. இந்த மூன்றும் சேர்ந்து 2,345.37 யூரோ. சில்லறை வரிகள் சில உண்டு, அவற்றை விட்டுவிடுகிறேன். ஞாயிறு, பண்டிகை நாள் வேலைக்கும் தனி வரி உண்டு. அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இனி இரவு வரி. இதன் பழைய கதையைக் கேட்டால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். 2024-க்கு முன்னால் அங்கே ஒரு நர்சின் இரவு ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்த கூடுதல் தொகை 1 யூரோ 7 சென்ட். இரவு விழிப்புக்கு 17 சென்ட், வேலைப் பளுவுக்கு 90 சென்ட், அவ்வளவுதான். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது அசையவே இல்லை. புள்ளியின் விலை ஏறியது, படிகள் மாறின, ரொட்டி விலை ஏறியது, அந்த 1.07 மட்டும் அப்படியே கிடந்தது. ஆணையில் அதைச் சதவீதமாக எழுதாமல் ரொக்கத் தொகையாக எழுதிவிட்டதுதான் காரணம். அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும். சதவீதமாக எழுதிய படி சம்பளம் ஏறினால் கூடவே ஏறும். ரொக்கமாக எழுதிய படியை ஏற்ற, யாராவது கோப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். 2022 கோடையில் ஆள் பற்றாக்குறை முற்றியபோது தற்காலிகமாக அதை இரட்டிப்பாக்கினார்கள். 2024 ஜனவரி முதல் முறையையே மாற்றினார்கள்: அவரவர் மணிநேரச் சம்பளத்தில் 25 சதவீதம்.

இவள் கணக்கில் போட்டுப் பார்ப்போம். மாத அடிப்படைச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, 1,820 மணியால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 12.82 யூரோ. அதில் கால் பங்கு 3 யூரோ 20 சென்ட் சொச்சம். மாதத்துக்குப் பதினான்கு இரவு வேலை. பத்து மணி நேரம் இருந்தாலும் இரவு என்று எண்ணுவது 9 மணி முதல் காலை 6 மணி வரைதான். 6 முதல் 7 வரையுள்ள மணி சேராது. ஆக இரவுக்கு ஒன்பது மணி, பதினான்கு இரவுக்கு 126 மணி. தொகை 403.86 யூரோ. பழைய 1.07 கணக்கில் இதே 126 மணிக்கு 134.82 யூரோதான் வந்திருக்கும். 500 புள்ளியில் இருக்கும் மூத்த நர்சுக்குப் புது முறையில் மணிக்கு 4 யூரோ 6 சென்ட். பழைய முறையில் அவருக்கும் அதே 1.07, அனுபவத்துக்கு இரவில் மதிப்பே இல்லாமல் இருந்தது.

சரி, அந்த 144 யூரோ எங்கே போனது? இரவுப் படி நிஜமாகச் செய்த மணிக்குத்தான். லீவில் அடிப்படைச் சம்பளம் முழுதாக வரும். இரவு வரி வராது. உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தாலும் இரவு வரி வராது. புதுச்சேரி வந்த மாதத்தில் அவள் ஒன்பது இரவுதான் வேலை செய்திருந்தாள். ஒன்பதை ஒன்பதால் பெருக்கினால் 81 மணி, 259.62 யூரோ. வழக்கமான 403.86-இல் இதைக் கழித்தால் 144.24. காசு பிடிக்கப்படவில்லை, ஈட்டப்படவில்லை. இரண்டு மாதம் தள்ளி வந்ததற்குக் காரணம், பணி அட்டவணை முடிந்து, சரிபார்த்து, கணக்குப் பிரிவுக்குப் போன பிறகுதான் மணிகள் சீட்டில் ஏறும். அவள் மருத்துவமனையில் அதற்கு இரண்டு மாதம் ஆகிறது. ஆகவே இரவு வரியைச் சரிபார்க்க வேண்டுமானால் இந்த மாத அட்டவணையை வைத்துப் பார்க்கக் கூடாது. இரண்டு மாதம் முந்திய அட்டவணையை எடுத்து, இரவுகளை எண்ணி, ஒன்பதால் பெருக்கி, சீட்டில் உள்ள மணியோடு ஒப்பிட வேண்டும். மணி பொருந்தினால் பிறகு விகிதம். புதுப் படிக்கு ஏறிய பிறகும் விகிதம் பழையதாகவே இருந்தால், அப்போதுதான் அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும்.

நம் ஊரில் எப்படி என்று கேட்பீர்கள். நம் அரசு மருத்துவமனைகளில் சம்பளம் மத்திய அரசு முறையில். ஏழாவது சம்பளக் கமிஷனில் நர்சுக்குத் தொடக்கச் சம்பளம் 44,900 ரூபாய். மத்திய அரசு ஊழியரின் இரவுப் பணிப் படிக்கென 2020 ஜூலையில் வந்த ஆணையில், இரவு 10 முதல் காலை 6 வரை என்று நேரம் வகுத்து, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 200-ஆல் வகுக்கும் விகிதம் சொல்லியிருக்கிறார்கள். கூடவே ஓர் உச்சவரம்பு: அடிப்படைச் சம்பளம் 43,600-க்கு மேல் இருந்தால் கிடையாது. 44,900-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலைக்குச் சேரும் முதல் நாளே நர்ஸ் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார். அவர்களுக்கு இருப்பது நர்சிங் படி. அந்தக் கமிஷனில் அது 4,800-இலிருந்து 7,200 ஆனது. மாதம் முழுக்கப் பகலில் இருந்தாலும் இரவில் இருந்தாலும் தொகை ஒன்றுதான்.

மறுபடி நம் பெண்ணுக்கு வருவோம். கடனுக்கு எந்தத் தொகையை வைப்பது? இரவு வரி ஏற இறங்க இருக்கும் என்பதோடு இன்னொன்றும் உண்டு. நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு உடனே பொறி தட்டும். அங்கும் அரசு ஊழியரின் ஓய்வூதியம் கடைசி ஆறு மாதம் வகித்த புள்ளியை வைத்துத்தான். 395 புள்ளி சேரும். செகூர் 49 புள்ளியும் சேரும். இரவுப் படியும் பதின்மூன்று மணிப் படியும் அதில் சேராது. அவற்றுக்கு ஒரு சிறு துணை ஓய்வூதிய நிதி இருக்கிறது. அதுவும் அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் வரையுள்ள படிகளைத்தான் எடுத்துக்கொள்ளும். இவளுக்கு அந்த வரம்பு 389 யூரோ. இரண்டு படியும் சேர்ந்தால் 563 யூரோ ஆகிறது. மிச்சம் கணக்கிலேயே வராது.

ஆனால் இரவுப் பணிக்குச் சீட்டில் தெரியாத ஒரு கூலி உண்டு. முழுக்க இரவில் வேலை செய்பவருக்கு வாரத்துக்கு முப்பத்திரண்டரை மணி, பகலில் முப்பத்தைந்து. சம்பளம் குறையாது. ஆண்டுக்கு 1,607 மணிக்குப் பதில் 1,476 மணி. 131 மணி மிச்சம். எந்த வரியிலும் அதைப் பார்க்க முடியாது. அட்டவணையை எண்ணினால்தான் தெரியும். பகலுக்கு மாறுவதா என்று யோசிக்கும் நாளில், 403 யூரோவோடு இந்த மணிகளையும் ஒரு பக்கம் எழுதிக்கொள்ளச் சொன்னேன். மறுபக்கத்தில் என்ன எழுதுவது என்று அவளுக்கே தெரியும். பகலில் திரைச்சீலையை இழுத்து விட்டுத் தூங்குவது அவள்தானே.

கடைசியில் அவள் 2,345 யூரோவை மட்டும் சம்பளமாக வைத்துக்கொண்டாள். அதிலிருந்து பிடித்தம் போக நிற்பதற்கு ஏற்றபடி தவணையைக் கணக்கிட்டாள். பார்த்த வீடு கைக்கு எட்டவில்லை. ஓர் அறை குறைவான வீடாகத் தேடுகிறாள். இரவுக் காசு தனிக் கணக்கில் சேர்கிறது. முதுகு வலித்தோ, பிள்ளை பிறந்தோ பகலுக்கு மாற நேர்ந்தால் தவணை நிற்காது.

உங்கள் வீட்டிலும் நர்ஸ் வேலை பார்க்கும் பிள்ளைகள் இருந்தால், இங்கானாலும் அங்கானாலும், சீட்டை இரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். லீவில் இருந்தாலும் வரும் வரிகள் ஒரு பக்கம், விழித்திருந்தால் மட்டும் வரும் வரிகள் மறுபக்கம்.