சீல் போட்ட பெட்டியும் நான்கு போட்டோக்களும்

2018 ஆகஸ்ட் மாதம். காலைக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கல்மண்டபத்திலிருந்து ஒரு போன். துறைமுகத்தில் என்னோடு டாலி கிளார்க்காக வேலை பார்த்தவர், என்னைவிட இரண்டு வயது இளையவர்.

"அண்ணே, உங்க பக்கத்தைத் தொறந்தா மேல ‘Not secure’னு வருதுண்ணே. வைரஸ் எதுனா பூந்துடுச்சா?"

எனக்குப் பகீர் என்றது. திருவொற்றியூரில் இருக்கும் தங்கை மகனுக்குச் சொன்னேன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"வைரஸ் எல்லாம் இல்ல மாமா. போன மாசம் குரோம்ல புது வெர்ஷன் வந்துச்சு. முகவரி `http`ன்னு ஆரம்பிச்சா எல்லாப் பக்கத்துக்கும் அப்படித்தான் போடும். `https`க்கு மாத்திட்டா போயிடும்."

அந்த ஒரு `s` என்ன செய்கிறது என்று கேட்டேன். அவன் சொன்னதை எனக்குப் பழக்கப்பட்ட பாஷையில் இப்படிப் புரிந்துகொண்டேன். கண்டெய்னர் லாரி கேட்டுக்கு வந்ததும் பெட்டியின் சீல் நம்பரைப் பேப்பரில் உள்ள நம்பரோடு ஒப்பிடுவோம். இரண்டும் ஒன்றாக இருந்து, சீலும் உடையாமல் இருந்தால், வழியில் யாரும் பெட்டியைத் திறக்கவில்லை என்று பொருள். உள்ளே இருப்பது நல்ல சரக்கா, கல்லும் மண்ணுமா என்பதை சீல் சொல்லாது. `https` அந்த சீல்தான். வழிக்கு மட்டுமே அது பொறுப்பு.

"கதை படிக்கத்தானே வர்றாங்க, அதுக்கு எதுக்குடா சீல்?" என்றேன். 2015-ல் பெங்களூருவில் நடந்த ஒன்றைச் சொன்னான். அங்கே ஒரு நிரலாளர் தம் சொந்தத் தளத்தைக் கைபேசி இணைப்பில் பார்த்தபோது, தாம் எழுதாத நிரல் வரி ஒன்று பக்கத்துக்குள் இருந்ததாம். இணைப்பு தந்த நிறுவனம்தான் வழியில் அதைச் செருகியிருந்தது. சீல் இல்லாத பெட்டியில் யாரும் கை வைக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி. மறுபேச்சு பேசவில்லை.

மாற்றுவது ஒரு நிமிட வேலை. என்னுடையது பிளாக்ஸ்பாட் முகவரி என்பதால் சான்றிதழைக் கூகுளே தந்துவிடுகிறது, செலவு கிடையாது. செட்டிங்ஸில் `HTTPS Redirect` என்பதை ஆன் செய்தான். பழைய முகவரியைத் தட்டினாலும் புதியதற்கே போனது. பச்சைப் பூட்டு வந்தது. அவனுக்கு வஞ்சிரம் வறுவலோடு சாப்பாடு போட்டு அனுப்பினேன்.

சாயங்காலம் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தால் சிலவற்றில் பூட்டைக் காணோம்! அந்த இடத்தில் வட்டத்துக்குள் ஒரு `i`. தொட்டால் `Your connection to this site is not fully secure` என்றது. பக்கவாட்டில் இருந்த திரட்டியின் ஓட்டுப்பட்டையும் மறைந்துபோயிருந்தது.

காரணம் இதுதான். என் எழுத்து சீல் போட்ட பெட்டியில் வருகிறது. ஆனால் அதே பக்கத்துக்கு வேண்டிய சில போட்டோக்கள் `http` முகவரியிலிருந்து, அதாவது திறந்த லாரியில் வருகின்றன. படம் என்றால் அப்போதைய குரோம் எச்சரித்துவிட்டு உள்ளே விட்டது. நிரல் என்றால் கேட்டிலேயே நிறுத்திவிடும். ஏனென்றால் ஒரு நிரலால் முழுப் பக்கத்தையும் மாற்றிவிட முடியும். ஓட்டுப்பட்டை ஒரு நிரல்.

எந்தச் சரக்கு திறந்த லாரியில் வருகிறது என்று கண்டுபிடிக்கப் போனிலேயே வழி சொன்னான். கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து `F12` அழுத்தி, `Console` என்பதைத் தொட வேண்டும். குற்றவாளியின் முகவரியோடு இப்படி வரும்:

```
Mixed Content: The page at 'https://...' was loaded
over HTTPS, but requested an insecure image 'http://...'
```

நோட்டுப் புத்தகத்தில் டாலி போட ஆரம்பித்தேன். மூன்று வகையாகப் பிரிந்தது.

முதல் வகை, பிளாகரிலேயே நான் ஏற்றிய பழைய படங்கள். முகவரி `http://1.bp.blogspot.com` என்று தொடங்கும். அங்கே `https` வசதி இருப்பதால், பதிவின் HTML-ல் ஒரு `s` சேர்த்தாலே போதும்.

இரண்டாவது, டெம்ப்ளேட்டில் இருந்த ஓட்டுப்பட்டையும் ஒரு பழைய கடிகாரமும். அவற்றுக்கு `https` முகவரியே இல்லை, எடுத்துவிட்டேன். அப்போதுதான் ஒரு அவசரக்காரத்தனம் செய்யப் பார்த்தேன். டெம்ப்ளேட்டில் உள்ள எல்லா `http`க்கும் ஒரேயடியாக `s` போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"ஐயோ மாமா, கைய வெக்காதீங்க! `xmlns`னு இருக்கிற வரியில வர்றது முகவரி மாதிரி இருக்கும், ஆனா வெறும் பேரு. அதை மாத்தினா டெம்ப்ளேட்டே குழம்பிடும். வேற தளத்துக்குக் குடுத்த லிங்கும் அப்படியே இருக்கட்டும். படிக்கிறவங்க தொட்டாத்தானே அங்க போவாங்க? பக்கம் தானா இழுத்துக்கிட்டு வர்றதை மட்டும் மாத்துங்க."

மூன்றாவது வகைதான் என்னைத் தூங்கவிடவில்லை. ராயபுரம் ரயில் நிலையம் பற்றிய என் பதிவில் நான்கு போட்டோக்கள் உண்டு. 1856-ல் திறந்த நிலையம் அது. எடுத்தவர் எங்கள் செக்‌ஷனில் எனக்கு மூத்தவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு இலவசத் தளத்தில் படங்களைப் போட்டுவைத்து, "எடுத்துக்கப்பா" என்று முகவரியைக் கொடுத்தார். நானோ படத்தை எடுக்கவில்லை, முகவரியை மட்டும் ஒட்டினேன். 2011-ல் அவர் போய்விட்டார். வீட்டாரிடமும் பிரதி இல்லை.

அந்த முகவரியில் `s` சேர்த்தேன். போட்டோ இருந்த இடத்தில் வெறும் கட்டம். நெஞ்சு அடைத்துக்கொண்டது. `s` எடுத்துவிட்டுப் புதிய டேபில் அந்த `http` முகவரியைத் தனியாகத் திறந்தேன். படம் வந்தது! அந்தத் தளத்தில் `https` இல்லை, அவ்வளவுதான். படம் அங்கேதான் இருந்தது. உடனே கம்ப்யூட்டரில் சேமித்து, பிளாகரில் ஏற்றி, பழைய வரியை நீக்கினேன். இப்படி மூன்று கிடைத்தன. நான்காவது, பிளாட்பாரத் தூண்களுக்கு நடுவே அவர் நிழலும் விழுந்திருக்கும் படம், தனியாகத் திறந்தபோதும் வரவில்லை. எப்போது அழிந்ததோ, நான் கவனிக்கவே இல்லை. பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கும் `web.archive.org`-ல் தேடினேன். அங்கேயும் இல்லை. அந்த இடத்தில் படக் குறிப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. இப்போதைய குரோம் எச்சரிக்கையோடு நிற்பதில்லை. `http` படத்தைத் தானே `https`-ல் கேட்டுப் பார்க்கிறது. அங்கே கிடைக்காவிட்டால் படத்தைக் காட்டாமலே விட்டுவிடுகிறது. உங்கள் பழைய பக்கத்தில் வெறும் கட்டம் தெரிந்தால், படம் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அதன் `http` முகவரியைத் தனியாகத் திறந்து பாருங்கள். இருந்தால் அன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தளம் நாளைக்கும் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

2023-ல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. பூட்டு இருந்தால் நல்ல தளம் என்று ஜனங்கள் நம்பிவிடுகிறார்களாம். கேட்டில் நின்ற எங்களுக்கு அது புதிதல்ல. சீல் சரியாக இருந்த பெட்டிகளிலும் என்னென்னவோ வந்ததுண்டு.