இருநூறு பேருக்கு எத்தனை ஸ்ட்ரிப்?

கல்முனைப் பக்கத்து ஊர்களில் ஒரு நாள் வைத்திய முகாம் வைப்பதென்றால், பள்ளிவாசல் நிர்வாக சபையில் முதலில் எழும் கேள்வி "எவ்வளவு முடியும்?" என்பதுதான். கணக்குக் கொப்பியோடு போகும் நான் "எத்தனை பேருக்கு விரலில் குத்தப் போகிறோம்?" என்று திருப்பிக் கேட்பேன். அது தெரிந்துவிட்டால் மற்ற வரிகளெல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

200 பேர் என்று வைத்துக்கொள்வோம். சீனி பார்க்க 200 ஸ்ட்ரிப் போதாது. இரத்தம் குறைந்தால் மீட்டர் பிழை காட்டும். சந்தேகமான அளவு வந்தால் மறுபடி குத்த வேண்டும். பத்துக்கு ஒன்று வீணாகும் என்று கணக்கிட்டால் 220. ஒரு பெட்டியில் 50 இருப்பதால் 5 பெட்டி வாங்க வேண்டும். பெட்டி 4,000 ரூபாய் என்றால் 20,000. லான்செட்டும் அதே 250. போன வருட விலையை நம்பிப் பட்டியல் போடுவதை 2022இல் விட்டுவிட்டேன். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய அந்த மாதங்களில், வெளிநாட்டிலிருந்து வரும் ஸ்ட்ரிப்புக்குப் பழைய விலை சொல்ல எந்தக் கடைக்காரராலும் முடியவில்லை. இப்போது முகாமுக்கு முந்திய வாரத்தில் எழுத்தில் விலை வாங்குகிறேன்.

அன்பளிப்புப் பொருளில்தான் நான் அதிகம் அடிபட்டேன். ஒரு முகாமுக்கு நாலு மீட்டர் இனாமாக வந்தது. சந்தோஷத்தில் "மீட்டர் - 4" என்று எழுதி வைத்தேன். காலையில் பார்த்தால் அதில் இரண்டு வேறு கம்பனி. நாங்கள் வாங்கி வைத்த ஸ்ட்ரிப் அவற்றுக்குள் நுழையவே இல்லை. வெறும் வயிற்றோடு வந்த வயதானவர்கள் இரண்டு மீட்டருக்கு முன்னால் ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தார்கள். அன்றிலிருந்து இனாமாக வரும் எதையும் மாதிரிப் பெயர், அதற்குப் பொருந்தும் ஸ்ட்ரிப், காலாவதித் திகதி மூன்றோடும்தான் எழுதுகிறேன். கடல் காற்று ஈரத்தில் ஸ்ட்ரிப் கெடும் என்பதால், டப்பாவின் மூடியைத் திறந்து வைக்கக் கூடாது என்று மேசையில் இருக்கும் பிள்ளைக்கும் சொல்லிவிடுவேன்.

சிற்றுண்டியை "உபசரிப்பு" என்று எழுதுபவர்களோடு எனக்கு வாதம் உண்டு. சுபஹ் தொழுதுவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் வாருங்கள் என்று ஜும்ஆவில் அறிவித்தது நாங்கள். குத்தி முடிந்த கையோடு பணிஸும் வாழைப்பழமும் பிளேன்டியும் கொடுப்பது வைத்தியச் செலவுதான். ஆனால் அந்த மேசை குத்தும் மேசைக்கு அப்பால் இருக்க வேண்டும். பழம் பிடித்த விரலில் குத்தினால் சீனி இல்லாதவருக்கும் அளவு ஏறிக் காட்டும். அதனால் சவர்க்காரமும் தண்ணீர் வாளியும் துடைக்கக் கடதாசியும் பட்டியலில் கட்டாயம் உண்டு.

டொக்டர்மார் மூவர், தாதிமார் நால்வர், தொண்டர்கள் இருபது பேர் என்று எல்லாரும் இனாமாகவே வருவார்கள். அந்த வரிகளிலும் பூச்சியம் போடுவதில்லை. வெளியே கொடுத்தால் என்ன ஆகுமோ அந்தத் தொகையைத் தனி நிரலில் எழுதுவேன். காசு நிரலோடு அதைக் கூட்டுவதில்லை. அடுத்த முறை பெண் டொக்டர் வர முடியாமல் போனால் எவ்வளவு பெரிய பள்ளம் என்பது அந்த நிரலில் தெரியும். ஸகாத் காசும் முகாமின் பொதுச் செலவில் கலப்பதில்லை. அதற்குரிய 8 வகையினரைக் குர்ஆன் வகுத்திருக்கிறது. முகாமுக்கோ யாரும் வரலாம். முகாமை ஸதகாவில் நடத்துகிறோம்.

நோயாளிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும்படி கேட்கும் நன்கொடையாளர்களிடம் மறுத்துவிடுவேன். இரண்டு கிழமைக்குப் பிரஷர் குளிசை கொடுத்தால் மூன்றாம் கிழமை அவருக்கு என்ன இருக்கும்? அரசாங்கக் கிளினிக்கில் மாதாமாதம் இலவசமாகவே கிடைக்கிறது. மீட்டரில் 126க்கு மேல் வந்தாலும் அது சீனி வருத்தம் என்ற முடிவல்ல. ஆய்வுகூடத்தில் நாளத்து இரத்தத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே மருந்துக் காசை, கிளினிக்குக்கு அனுப்பும் இரு பிரதிக் கடிதத்துக்கு மாற்றுவேன். ஒன்று நோயாளிக்கு, மற்றது எங்கள் கோப்புக்கு. குத்திய லான்செட் போடும் மஞ்சள் பெட்டியை யார் பொறுப்பேற்று எரிப்பது என்பதையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

கோப்புப் பிரதியால்தான் கடைசி வரி வந்தது: தொலைபேசி, கடிதம் வாங்கிய 40 பேருக்கு இரண்டு தடவை. ஒரு தடவை ஒரு மூதாட்டிக்கு அழைத்து, "கிளினிக்குக்குப் போனீங்களா உம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல மகன். நீங்க தந்த கடிதத்தப் பெட்டிக்குள்ள பத்திரமா வெச்சிருக்கன்."

எங்கள் தொண்டர் ராத்தா ஒருவர் அடுத்த கிளினிக் நாளில் அவரை ஓட்டோவில் கூட்டிப்போனார். அந்த ஓட்டோக் கூலிக்கும் இப்போது பட்டியலில் ஒரு வரி இருக்கிறது.